பழைய மேனேஜரிடம் எப்படி விசாரிப்பது? ஏஜென்சி, மெயில், தெரிந்தவர், போன்: ஓர் ஒப்பீடு

இன்டர்வியூ முடிந்து, ஆள் பிடித்துப்போய், சம்பளமும் ஏறக்குறைய பேசி முடித்தாகிவிட்டது. ஆஃபர் லெட்டர் கொடுப்பதற்கு முன் மிச்சமிருப்பது ரெஃபரன்ஸ் செக். பெரும்பாலான நடுத்தர நிறுவனங்களில் இது ஒரு சடங்காகவே நடக்கிறது. விண்ணப்பதாரர் கொடுத்த நம்பருக்கு யாராவது ஒருவர் போன் போட்டு "ஆள் எப்படிங்க?" என்று கேட்பார். "நல்ல ஆளுங்க" என்று பதில் வரும். ஃபைலில் ஒரு டிக் விழும். அந்தப் பதிலால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

இதைச் செய்ய நான்கு வழிகள் நம் ஊரில் புழக்கத்தில் உள்ளன. வெளி ஏஜென்சியிடம் கொடுப்பது, மேனேஜருக்கு மெயிலில் படிவம் அனுப்புவது, அந்த நிறுவனத்தில் நமக்குத் தெரிந்தவரிடம் விசாரிப்பது, மேனேஜரிடம் நேரடியாகப் போனில் பேசுவது. எது சரி என்று பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வேலையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அக்கவுண்ட்ஸில் ஒரு சீனியர் தேவை என்று வைத்துக்கொள்வோம். தேர்வாகியிருப்பவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு விலகியவர். அவருடைய ரெஸ்யூமேயில் கனமான வரிகள் மூன்று: ஜிஎஸ்டி ரிட்டர்ன் முழுவதையும் தனியாகக் கையாண்டார், மாதக் கணக்கை அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் முடித்தார், சப்ளையர் பக்கம் சிக்கியிருந்த உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டி, பிறகு நம் வரியில் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டியை, மீட்டார். நாம் உறுதி செய்ய வேண்டியது இந்த மூன்றையும்தான். அவருடைய குணநலன்களை எடைபோடுவது இந்த வேலையில் சேராது.

தேதிக்கும் பதவிக்கும் மேனேஜர் தேவையில்லை

எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று மேனேஜரிடம் கேட்பது அவருடைய நேரத்தை வீணாக்குவது. பாதிப் பேருக்கு அது நினைவிலும் இருக்காது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் யுஏஎன் போர்ட்டலில் விண்ணப்பதாரரே லாகின் செய்து, எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார் என்ற பணிவரலாற்றைக் காட்டிவிடலாம். இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்த்தவருக்கு அங்கே கான்ட்ராக்டரின் பெயர்தான் வரும். அதைப் பார்த்தவுடன் பொய் சொல்லிவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. பிஎஃப் இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கு ரிலீவிங் லெட்டர், ஃபார்ம் 16, சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட் போதும்.

வெளி ஏஜென்சி செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். அவர்கள் போய்க் கேட்பது பழைய நிறுவனத்தின் ஹெச்ஆர் பிரிவிடம். ஹெச்ஆர் சொல்வது தேதி, பதவி, சில இடங்களில் விலகிய காரணம், அதிகம் போனால் "மறுபடி எடுக்கலாமா" என்பதற்கு ஆமாம் அல்லது இல்லை. பல நிறுவனங்கள் இதற்கு மேல் பேசுவதில்லை என்பதையே கொள்கையாக வைத்திருக்கின்றன. ஏஜென்சிக்குப் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. டிகிரி சான்றிதழ் உண்மையா என்று பல்கலைக்கழகத்தில் சரிபார்ப்பது, நீதிமன்றப் பதிவுகளைத் தேடுவது, முகவரியைப் பார்ப்பது போன்றவற்றை நம்மைவிட அவர்கள் நன்றாகச் செய்வார்கள். பணம் புழங்கும் பதவி என்றால் அதற்காக ஏஜென்சியை வைப்பது நியாயம். ஆனால் நம் மூன்று வரிகளில் ஒன்றைக்கூட அவர்களால் தொட முடியாது. ஏஜென்சி அறிக்கையில் எல்லாம் பச்சையாக வந்திருக்கிறது என்பதற்காக வேலை தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்வது தவறு.

மெயில் படிவம்

மெயிலுக்கு இருக்கும் மரியாதை, எழுத்தில் இருக்கிறது என்பது. மேனேஜர் வெளிநாட்டில் இருந்தாலோ, பேச நேரம் ஒத்துவராவிட்டாலோ வேறு வழியில்லை. மற்றபடி இதன் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. எழுத்தில் கேட்டால் எழுதுகிறவர் எச்சரிக்கையாகிவிடுவார். நேர்மை, குழுவோடு ஒத்துப்போதல், நேரந்தவறாமை என்று வரிசையாகப் போட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டால், எல்லாவற்றுக்கும் நாலும் ஐந்தும் போட்டு அனுப்பிவிடுவார். ஒருவருடைய பிழைப்பில் மண்ணைப் போட யாருக்கும் மனம் வராது. அது மனித இயல்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பரிந்துரைக் கடிதங்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில் ஒரு விஷயம் வெளிவந்தது. ஒரே ஆளைப் பற்றி இரண்டு பேர் எழுதியவை ஒத்துப்போனதைவிட, ஒரே மனிதர் இரண்டு வெவ்வேறு ஆட்களைப் பற்றி எழுதியவை அதிகம் ஒத்துப்போயின. அதாவது அந்தக் கடிதங்கள் விண்ணப்பதாரரைவிட எழுதியவரைப் பற்றியே அதிகம் சொல்லின. கேள்வி பொத்தாம் பொதுவாக இருக்கும்வரை மெயில் படிவத்திலும் இதுதான் நடக்கும்.

தெரிந்தவர் மூலம் விசாரிப்பது

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இது மிகச் சுலபம். அந்தக் கம்பெனியில் நம் சொந்தக்காரரோ, கூடப் படித்தவரோ, அதற்கு நூல் சப்ளை செய்கிற நண்பரோ எப்படியும் இருப்பார். அரை மணி நேரத்தில் தகவல் வந்துவிடும். முதலாளிகள் பலர் இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புகிறார்கள். நான் இதற்கு எதிரானவன்.

முதல் காரணம், விண்ணப்பதாரரின் சம்மதம் இல்லாமல் நடக்கிற விசாரணை இது. அவர் இன்னும் பழைய இடத்திலேயே வேலையில் இருந்தால், நாம் போட்ட ஒரு போன் அவர் வேலைக்கே உலை வைத்துவிடும். நாம் அவரை எடுக்காமலும் போகலாம். அப்போது அவர் இரண்டு பக்கமும் இழந்து நிற்பார். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்யக்கூடாத காரியம்தான்.

இரண்டாவது காரணம், தகவலின் தரம். அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் வேறு டிபார்ட்மென்டில் இருப்பார். மெர்ச்சண்டைசிங்கில் இருப்பவருக்கு அக்கவுண்ட்ஸ்காரர் ரிட்டர்னை எப்படிப் போட்டார் என்று எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது கேன்டீன் பேச்சு. "கொஞ்சம் தலைக்கனம்", "முதலாளியோடு ஏதோ தகராறாம்" என்ற அளவில்தான் வரும். கூடவே எந்த ஊர், யார் வீட்டுப் பையன், என்ன ஆட்கள் என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டு வரும். அது காதில் விழுந்த பிறகு விழாதது போல ஒரு முடிவை எடுக்க எவராலும் முடியாது. எனவே அந்த வாசலைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

போன், ஆனால் தயாரித்த கேள்விகளோடு

மிஞ்சுவது மேனேஜரிடம் நேரடியாகப் பேசுவது. மேலே சொன்ன மூன்று வரிகளை உறுதி செய்யக்கூடிய ஒரே வழி இதுதான். ஆனால் கேள்வி சரியில்லை என்றால் போனும் வீண். தொழில் உளவியலில் ஷ்மிட்டும் ஹன்டரும் 1998இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலைத் திறனைக் கணிப்பதில் முழுப் பொருத்தம் 1 என்றால் ரெஃபரன்ஸ் செக்குக்கு 0.26 என்ற அளவுதான் கிடைத்தது. ஒழுங்குபடுத்திய இன்டர்வியூவுக்கு 0.51. இன்டர்வியூவில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை வேலையை ஒட்டிக் கேட்பது எப்படி அதை உயர்த்துகிறதோ, அதே ஒழுங்கை ரெஃபரன்ஸ் பேச்சுக்கும் கொண்டுவர வேண்டும் என்பது என் எண்ணம்.

பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில. விண்ணப்பதாரரிடம் "உங்கள் பழைய மேனேஜரிடம் இன்ன விஷயங்களைப் பற்றிக் கேட்கப் போகிறோம், நீங்களே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்று எழுத்தில் சொல்லிச் சம்மதம் வாங்குவது முதலாவது. இன்னும் வேலையில் இருப்பவர் என்றால் இப்போதைய மேனேஜரைத் தொடவே கூடாது. அதற்கு முந்தைய நிறுவனத்து மேனேஜரையோ, இப்போதைய இடத்திலிருந்து ஏற்கெனவே விலகிப்போன மேலதிகாரி ஒருவரையோ கேட்கலாம்.

அடுத்தது, எடுத்துப் பேசுகிறவர் உண்மையிலேயே மேனேஜர்தானா என்பது. கூடப் படித்த நண்பனின் நம்பரை மேனேஜர் நம்பர் என்று கொடுப்பது நடக்கிற விஷயம்தான். கம்பெனியின் பொது எண்ணுக்குப் போட்டு அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பெயரைக் கேட்டு இணைப்பு வாங்கலாம். அல்லது கம்பெனி மெயில் ஐடியிலிருந்து "பேசலாம்" என்று ஒரு வரி அனுப்பச் சொல்லலாம். பேச்சிலேயே கண்டுபிடிக்கவும் முடியும். வேலையைப் பார்த்தவர் அந்த வேலையின் சொற்களில் பேசுவார். நண்பர் புகழ்ச்சியில் பேசுவார்.

நேரமும் முக்கியம். அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு மாதத்தின் முதல் மூன்று வாரம் மூச்சுவிட நேரமிருக்காது. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11ஆம் தேதி விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி உள்ளீட்டு வரியைக் கழித்து மீதி வரியைக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. அந்த நாட்களில் கூப்பிட்டால் "நல்ல பையனுங்க, எடுத்துக்கங்க" என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவார். 21ஆம் தேதிக்கு மேல், மாதக் கடைசி நெருக்கடிக்கு முன், கால் மணி நேரம் கேட்டு வாங்க வேண்டும். கேள்விகளை முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது நல்லது. மறைத்து வைத்துத் திடீரென்று கேட்டால்தான் உண்மை வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் நடந்ததை யோசித்துப் பார்க்க அவகாசம் இருந்தால்தான் குறிப்பான பதில் வரும்.

கேட்க வேண்டியவை

கேள்விகள் நான்கு போதும். நான்கும் "எப்படிப்பட்டவர்" என்று கேட்காமல் "என்ன நடந்தது" என்று கேட்க வேண்டும். நம் உதாரணத்துக்கு அவை இப்படி அமையும்.

முதல் கேள்வி: "அவர் உங்களுக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்தது எந்தக் காலத்தில்? அவர் வேலையை நீங்கள் தினமும் பார்த்தீர்களா?" பதில் சொல்கிறவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை இது அளக்கிறது. கடைசி மூன்று மாதம் மட்டும் மேனேஜராக இருந்தவருடைய சொல்லுக்கு அந்த அளவுக்குத்தான் மதிப்பு.

இரண்டாவது: "ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையில் எதுவரை அவர் கையில் இருந்தது, எங்கிருந்து உங்கள் கைக்கோ ஆடிட்டர் கைக்கோ போனது?" என் கணக்கில் இதுதான் மிக முக்கியமான கேள்வி. "தனியாகச் செய்தாரா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்றே வரும். எல்லை எங்கே என்று கேட்டால் மேனேஜர் யாரையும் விட்டுக்கொடுக்காமல் உள்ளதைச் சொல்லலாம். அவருக்கு அதில் சங்கடம் இல்லை.

மூன்றாவது: "2பி-யோடு பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை ஒத்துப்பார்க்கும்போது பொருந்தாத பில் வந்தால் என்ன செய்வார்? நினைவில் இருக்கிற ஒரு சம்பவத்தைச் சொல்ல முடியுமா?" சப்ளையர் தன் ரிட்டர்னில் காட்டி, அது ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வாக்கில் உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்தால்தான் வாங்குகிறவர் உள்ளீட்டு வரியை எடுக்க முடியும். 14க்கும் 20க்கும் நடுவே உள்ள அந்த ஆறு நாள் வேலையில்தான் ஒரு அக்கவுண்டன்டின் தரம் தெரியும்.

நான்காவது: "அவர் விலகிய பிறகு எந்த வேலை தடுமாறியது? அதை யார் எடுத்துக்கொண்டார்கள்?" இது புகழ்ச்சிக்கு இடம் கொடுக்காத கேள்வி. உண்மையிலேயே சுமந்தவர் போனால் ஏதாவது ஒன்று தடுமாறியிருக்கும். எதுவும் ஆகவில்லை, அப்படியே போனது என்றால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். அவர் அவ்வளவாகச் சுமக்கவில்லை, அல்லது ஒழுங்காக எழுதி ஒப்படைத்துவிட்டுப் போனார். எது என்று அடுத்த கேள்வியில் கேட்டுவிட வேண்டும்.

ஒரு பேச்சு எப்படிப் போகும்

திருப்பூர் மேனேஜர் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடத்தில் வருவது வழக்கமான வார்த்தைதான்: "தங்கமான பையனுங்க. ஒரு குறை சொல்ல முடியாது." அதைக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்விக்குப் போகிறோம்.

"எதுவரைக்கும்னா... பில் என்ட்ரி, 2பி ஒத்துப்பாக்கறது, ஒர்க்கிங் ஷீட் போடறது எல்லாம் அவருதாங்க. ஃபைல் பண்றது மட்டும் ஆடிட்டர் ஆபீஸ்ல. ரீஃபண்ட் அப்ளிகேசன் நான் பாத்துக்குவேன்."

ஆக, "தனியாக" என்பது மிகை. ஆனால் கனமான பகுதி அவர் கையில்தான் இருந்திருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு வந்த பதில் இன்னும் விவரமானது.

"எங்களுக்கு நிட்டிங், பிரின்டிங் எல்லாம் சின்னச் சின்ன யூனிட்டுங்க. பாதிப் பேரு மூணு மாசத்துக்கு ஒருக்காதான் ரிட்டர்ன் போடுவாங்க. அவங்க பில்லு 2பி-ல வராது. முன்னெல்லாம் அது அப்படியே விட்டுப்போகும். இவரு வந்துதான் அந்தப் பார்ட்டிகளுக்குத் தனியா ஒரு ஷீட் போட்டு, மாசாமாசம் 10ஆம் தேதிக்கு முன்னாடி போன் பண்ணி, பில்லை அப்லோட் பண்ண வெச்சாருங்க."

காலாண்டு ரிட்டர்ன் போடும் சிறு சப்ளையர்கள் முதல் இரண்டு மாதத்து பில்களை 13ஆம் தேதிக்குள் தனியாக ஏற்றும் வசதி போர்ட்டலில் உண்டு. ஏற்றினால் அந்த மாதமே வாங்குகிறவருக்கு வரி கிடைக்கும். ஏற்றாவிட்டால் காலாண்டு முடியும்வரை பணம் சிக்கிக்கொள்ளும். இதை ஒருவர் புரிந்துகொண்டு, ஆளைப் பிடித்து, மாதாமாதம் செய்ய வைத்தார் என்றால் ரெஸ்யூமேயில் உள்ள மூன்றாவது வரி உண்மை. இப்படிப்பட்ட விவரத்தை யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைக்க முடியாது.

ரெஸ்யூமேயின் இரண்டாவது வரியான மாதக் கணக்கு முடிப்பதைப் பற்றியும் கூடவே கேட்டபோது ஒரு சின்ன இடைவெளி. பிறகு, "அஞ்சாம் தேதின்னு சொல்ல முடியாதுங்க. எட்டு, ஒம்போது ஆயிரும். ஸ்டோர்ல இருந்து ஸ்டாக் வர லேட்டு. அது அவரு தப்பில்லை." அந்த இடைவெளியில் நாம் குறுக்கே பேசி ஆறுதல் சொல்லிவிடக் கூடாது. "சரிங்க மேடம்" என்று சொல்லிக் காத்திருந்தால் மீதியும் வரும்.

பேசும்போதே அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். "நல்ல கருத்து" என்று சுருக்கி எழுதினால் ஒரு வாரம் கழித்து அதற்கு மதிப்பில்லை.

கிடைத்ததை வைத்து முடிவெடுப்பது

மூன்று வரிகளில் ஒன்று முழுதாக உறுதியாகிறது. ஒன்று பாதி. ஒன்று தேதியில் தவறுகிறது, காரணம் வெளியில் இருக்கிறது. இதை வைத்து ஆளை நிராகரிப்பது அவசரம். நமக்குத் தேவை எது என்று பார்க்க வேண்டும். இந்தப் பம்ப் நிறுவனத்திலும் ஃபைல் செய்வது ஆடிட்டர்தான் என்றால் அந்த மிகையால் நமக்கு நட்டமில்லை. வார்ப்பட வேலையும் மெஷினிங்கும் சின்ன யூனிட்டுகளிடம் கொடுத்து வாங்கும் இடம் என்றால், அந்தத் தனி ஷீட் போட்ட அனுபவம் நமக்கு நேரடியாகப் பயன்படும். ஆனால் ஆடிட்டரை விட்டுவிட்டு உள்ளேயே ஃபைல் செய்யப்போகிறோம் என்றால் அவர் அதைச் செய்ததில்லை என்று தெரிந்து, முதல் மூன்று மாதம் ஆடிட்டரின் மேற்பார்வையோடு எடுக்க வேண்டும்.

முரண்பட்டதை விண்ணப்பதாரரிடமே கேட்பதும் அவசியம். "உங்கள் மேனேஜர் இப்படிச் சொன்னார்" என்று காட்டிக்கொடுக்காமல், "ரிட்டர்ன் சப்மிட் செய்யும்போது டிஜிட்டல் சிக்னேச்சரோ ஓடிபியோ யாரிடம் இருந்தது?" என்று கேட்டால் போதும். "அது ஆடிட்டர் சார் கிட்ட" என்று உடனே சொன்னால் ரெஸ்யூமேயில் வார்த்தையைக் கொஞ்சம் பெருக்கிவிட்டார், அவ்வளவுதான். தன்னிடமே இருந்தது என்று சாதித்தால் அது வேறு கதை. அப்போது இன்னொரு ரெஃபரன்ஸ், முடிந்தால் அந்த ஆடிட்டர் அலுவலகத்திலேயே, விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு கேட்க வேண்டும்.

சம்பளத்தை மேனேஜரிடம் கேட்கக் கூடாது. அதற்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. கல்யாணம், குழந்தை, உடல்நிலை, சாதி, யூனியனில் இருந்தாரா என்பதெல்லாம் கேட்கவே கூடாதவை. மேனேஜர் தானாகச் சொல்ல ஆரம்பித்தாலும் "அது வேண்டாங்க, வேலையைப் பத்தி மட்டும்" என்று திருப்பிவிட வேண்டும். எழுதிக்கொள்ளவும் கூடாது.

மேனேஜர் பேச மறுத்தால் அதை விண்ணப்பதாரருக்கு எதிராக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி விதி அப்படி இருக்கலாம், அல்லது அவர்களுக்குள் கசப்பாகப் பிரிந்திருக்கலாம். அந்த இடத்தில் ஏஜென்சி அறிக்கையை வாங்கி ஓட்டையை அடைப்பதால் பயனில்லை. அது வேறு கேள்விக்கான பதில். அதே காலத்தில் அவரோடு வேலை பார்த்த சீனியர் ஒருவரிடம் இதே நான்கு கேள்விகளைக் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் கற்பனைப் பெயர்களோடு இருபது பில் கொண்ட ஒரு பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும், அதில் நாலைந்து பொருந்தாத ஒரு 2பி-யையும் எக்செலில் தயாரித்து, ஒரு மணி நேரம் கொடுத்து ஒத்துப்பார்க்கச் சொல்லலாம். எந்த பில்லுக்கு யாரைக் கூப்பிடுவார், எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார் என்று அவர் சொல்வதை மேனேஜர் பதிலுக்கு ஈடாக எழுதிக்கொள்ளலாம்.